கமிஷனா, விளம்பரமா? ஒரு நைட்டிக் கடையின் கணக்கு

சொந்தமாக வெப்சைட் வைத்துப் பொருள் விற்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "மாதாமாதம் ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் கொட்டிக் கொடுப்பதற்குப் பதில் அஃபிலியேட் வைத்துவிடலாமே? விற்றுக் கொடுத்தால்தானே கமிஷன், விற்காவிட்டால் நமக்கு என்ன நஷ்டம்?" அஃபிலியேட் என்றால், நம் பொருளின் லிங்கைத் தன் வீடியோவிலோ தளத்திலோ போட்டு, அதன் வழியாக விற்றதற்குக் கமிஷன் வாங்குபவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்றால் மட்டும் காசு என்றால், விற்காமல் போகும் ஆபத்தை வேறு யாரோ தலையில் சுமக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் ஏன் சுமக்க வேண்டும்? அதை யோசித்துப் பார்த்தால் இந்த ஒப்பீட்டின் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பருத்தி நைட்டி தைத்து, இரண்டு நைட்டி கொண்ட காம்போவை 1,000 ரூபாய்க்குத் தன் வெப்சைட்டில் விற்கும் ஒரு சின்னக் கடை. துணி, தையல், ஜிஎஸ்டி, பேக்கிங், கூரியர், பேமெண்ட் கேட்வே எல்லாம் போக ஒரு ஆர்டருக்கு 400 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைப்போம். வாடிக்கையாளரைக் கூட்டி வரும் செலவு இந்த 400-க்குள் அடங்க வேண்டும். இங்கே வரும் எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்தவைதான். உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தால் முடிவு மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

விளம்பரம்: திரையில் தெரியும் லாபமும் கைக்கு வரும் லாபமும்

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு 6 ரூபாய், கடைக்குள் வரும் நூறு பேரில் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்றால், ஒரு ஆர்டருக்கு 50 கிளிக், அதாவது 300 ரூபாய். அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி பதிவு இருந்து, விளம்பரக் கணக்கில் அந்த எண்ணைச் சேர்த்திருந்தால் அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். எண்ணைச் சேர்க்க மறந்தவர்களுக்கு ஆர்டர் ஒன்றுக்கு 354 ரூபாய் ஆகும். சேர்த்திருக்கிறோம் என்றே வைப்போம்.

400-ல் 300 போனால் 100 மிச்சம், பரவாயில்லையே என்று தோன்றும். விளம்பரத் திரையும் போட்ட ஒரு ரூபாய்க்கு 3 ரூபாய் 33 காசு விற்பனை என்று காட்டும். ஆனால் திரை எண்ணுவது ஆர்டரைத்தான், டெலிவரியை இல்லை. நூறு ஆர்டரில் 60 கேஷ் ஆன் டெலிவரி, அதில் 15 பார்சல் வாங்க ஆளில்லாமல் திரும்பி வருகிறது என்று வைப்போம். விளம்பரத்துக்குப் போன 30,000 ரூபாயில் இந்த 15-க்காக ஒரு பைசா திரும்பாது. போகவர கூரியர், கசங்கிய பேக்கிங் என்று பார்சலுக்கு 140 ரூபாய் தனியாகப் போகும், அது 2,100. கையில் நிற்பது 85 ஆர்டர், அதன் மூலம் 34,000 ரூபாய். அதில் 30,000-ஐயும் 2,100-ஐயும் கழித்தால் மீதி 1,900. ஆர்டருக்கு 22 ரூபாய். திரையில் கடை ஜோராக ஓடும், வங்கிக் கணக்கில் ஒன்றும் இருக்காது.

அஃபிலியேட்: இங்கே கணக்கு வேறு

இதே கடை 12% கமிஷன் தருகிறது. ஆர்டருக்கு 120 ரூபாய். கடைகளையும் அஃபிலியேட்டுகளையும் சேர்த்துவைக்கும் நெட்வொர்க் நிறுவனம் வழியாகப் போனால் அவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கமிஷனில் 30% என்று வைத்தால் இன்னும் 36. மொத்தம் 156.

அஃபிலியேட் முறையின் பெரிய வசதி, கமிஷனை உடனே உறுதிசெய்யத் தேவையில்லை என்பது. ஆர்டர் வந்ததும் 'நிலுவை' என்று நிற்கும், ரிட்டர்ன் நாட்கள் முடிந்ததும் நாம் ஒப்புக்கொள்வோம் அல்லது ரத்து செய்வோம். திரும்பி வந்த 15 பார்சலுக்குக் கமிஷன் கிடையாது. 85 ஆர்டருக்கு 13,260 ரூபாய், திரும்பியதற்கு 2,100. மீதி 18,640, அதாவது ஆர்டருக்கு 219 ரூபாய். யூடியூபர் தன் பார்வையாளர்களுக்கு 10% தள்ளுபடிக் கோடு கேட்டால் (கட்டாயம் கேட்பார்) இது சுமார் 140 ஆகும். அப்படியும் 22-ஐ விட எவ்வளவோ மேல். கேஷ் ஆன் டெலிவரி அதிகமுள்ள கடைகளுக்கு இந்த ஒரு வித்தியாசமே பெரிய வித்தியாசம்.

அப்புறம் ஏன் எல்லோரும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறவில்லை? அஃபிலியேட்டின் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அவர் 100 பேரை அனுப்புகிறார். இரண்டு பேர் வாங்குகிறார்கள், ரிட்டர்ன் போக 1.7 ஆர்டர். அவருக்குக் கிடைப்பது 204 ரூபாய், கிளிக்குக்கு 2 ரூபாய். மெட்டாவுக்கு 6 ரூபாய் கொடுத்து வாங்கும் அதே கிளிக்கை இவரிடம் 2 ரூபாய்க்குக் கேட்கிறோம், அதுவும் ஒன்றரை மாதம் கழித்து. அவருக்கும் 6 ரூபாய் கிடைக்க வேண்டும் என்றால், அவர் அனுப்பும் நூறு பேரில் ஆறு பேர் வாங்க வேண்டும்.

நூறில் ஆறு பேரை வாங்க வைக்கக்கூடியவர்கள் யார்? இரண்டே வகைதான். முதல் வகை, சொன்னால் ஆட்கள் நம்பும் இடத்தில் இருப்பவர். துணியைத் துவைத்துக் காட்டி, அளவு போட்டுக் காட்டி, "எனக்கு எக்ஸ்எல் சரியாக இருந்தது" என்று சொல்லும் பெண்மணி. அவர் அனுப்பும் ஆள் பாதி முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார். இரண்டாம் வகை, ஏற்கெனவே முடிவெடுத்தவரின் வழியில் போய் நிற்பவர். கூப்பன் தளம், கேஷ்பேக் தளம், பணம் கட்டும் பக்கத்தில் குதித்து வந்து "கூப்பன் தேடட்டுமா" என்று கேட்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் எல்லாம் இந்த வகை. புதிய கடை ஒன்று நெட்வொர்க்கில் சேர்ந்து "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று கதவைத் திறந்து வைத்தால், முதலில் வரிசையில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

யார் கொண்டுவந்த ஆர்டர் இது?

கடைசி கிளிக்குக்கே கமிஷன் என்பதுதான் பெரும்பாலான அஃபிலியேட் திட்டங்களின் விதி. வாடிக்கையாளர் நம் விளம்பரத்தைப் பார்த்து வந்தார், நைட்டியைக் கார்ட்டில் போட்டார், பணம் கட்டும் பக்கத்தில் 'கூப்பன் கோடு' என்று ஒரு கட்டம் கண்ணில் பட்டது. சும்மா விடுவாரா? கடையின் பெயரோடு கூப்பன் என்று சேர்த்துத் தேடுகிறார், ஒரு தளத்தில் 'கூப்பனைக் காட்டு' பட்டனை அழுத்துகிறார். அந்த நொடியில், யார் வழியாக வந்தார் என்று பிரவுசரில் குறித்துவைக்கும் அஃபிலியேட் குக்கீ உட்கார்ந்துவிட்டது. கோடு வேலை செய்யாவிட்டாலும் அவர் திரும்பி வந்து வாங்கத்தான் போகிறார், கமிஷனும் அந்தத் தளத்துக்குப் போகத்தான் போகிறது. அந்த ஆர்டருக்கு மெட்டாவுக்கு 300, கமிஷன் 156, ஆக 456. கையில் இருந்தது 400. மெட்டா திரையில் ஒரு விற்பனை, அஃபிலியேட் திரையில் ஒரு விற்பனை, கடையில் போன பார்சல் ஒன்றே ஒன்று.

இந்த வகைத் தளம் ஒரு மாதத்தில் 85 ஆர்டர் கொண்டுவந்ததாகக் காட்டுகிறது, அதில் 60 எப்படியும் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், 13,260 ரூபாயும் 25 புதிய ஆர்டருக்கான செலவு. ஆர்டருக்கு 530. "12% தானே" என்று நினைத்தது 53% ஆகிவிட்டது.

கூப்பன் எக்ஸ்டென்ஷன்கள் விஷயத்தில் இது உலகம் முழுக்கப் பேச்சானது 2024 டிசம்பரில். பேபால் நிறுவனத்தின் ஹனி எக்ஸ்டென்ஷன், யூடியூபர்களின் அஃபிலியேட் லிங்கை மாற்றித் தன் லிங்கை வைத்துக்கொள்கிறது என்று ஒரு யூடியூபர் வெளியிட்ட வீடியோ குற்றம் சாட்டியது, வழக்குகளும் வந்தன. 2025 மார்ச்சில் கூகுள் தன் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி, பயனருக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லாமல் அஃபிலியேட் லிங்கைச் செருகக் கூடாது என்றது.

ஆனால் இந்தக் குறை அஃபிலியேட்டுக்கு மட்டும் உரியது இல்லை. விளம்பரத்திலும் இதே கதை உண்டு. தன் கடையின் பெயரையே கூகுளில் தேடுபவருக்கு விளம்பரம் காட்டுவது, கார்ட்டில் போட்டுவிட்டுப் போனவரைத் துரத்தித் துரத்திக் காட்டுவது இரண்டும் எப்படியும் வரவிருந்தவருக்குக் காசு கொடுப்பதாக முடியலாம். 2012-ல் இபே நிறுவனம் தன் பெயர் வரும் தேடல்களுக்கான விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் கீழே உள்ள சாதாரண தேடல் முடிவை அழுத்தி வந்துவிட்டார்கள். இபே எல்லோருக்கும் தெரிந்த பெயர், திருப்பூர் நைட்டிக் கடை அப்படி இல்லை, உண்மைதான். ஆனாலும் நிறுத்திப் பார்க்கும் உத்தி இருவருக்கும் பொது. இரண்டு வாரம் கூப்பன் தளங்களை நிறுத்துங்கள், கடையின் மொத்த ஆர்டர் குறைகிறதா என்று பாருங்கள். அஃபிலியேட் திரையைப் பார்க்காதீர்கள், பார்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், ஒன்றும் புரியாது.

நிறுத்தாமலே கண்டுபிடிக்க ஒரு அடையாளமும் உண்டு. கிளிக்குக்கும் ஆர்டருக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அறிக்கையில் பாருங்கள். ஒரு அஃபிலியேட்டின் ஆர்டர்களில் பெரும்பகுதி கிளிக் விழுந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தால், அவர் வாடிக்கையாளரைக் கூட்டி வரவில்லை, கல்லாப்பெட்டி ஓரம் நிற்கிறார்.

கட்டுப்பாடு யார் கையில்?

விளம்பரத்தில் வாசகம் நம்முடையது, படம் நம்முடையது, எந்த ஊருக்கு, எந்த வயதினருக்கு என்பதும் பெருமளவு நம் கையில். எக்ஸ்எல் சைஸ் தீர்ந்துவிட்டதா, சில நிமிடத்தில் நிறுத்திவிடலாம். துணி விலை ஏறியதா, இன்றே விலையை மாற்றி எழுதலாம். அஃபிலியேட் இதற்கு நேர் எதிர். போன வருடம் போட்ட வீடியோவில் பழைய விலை அப்படியே இருக்கும், காலாவதியான கோடு விவரப் பகுதியில் இருக்கும். அதைப் பார்த்து வந்தவர், கோடு வேலை செய்யவில்லை என்று நமக்குத்தான் வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்புவார். அதே வீடியோ நாம் ஒரு பைசா முன்பணம் கொடுக்காமல் வருடக்கணக்கில் ஆள் அனுப்பிக்கொண்டும் இருக்கும். விளம்பரம் காசு நின்ற மறுநிமிடம் நின்றுவிடும்.

விளம்பரத்தில் கட்டுப்பாடு முழுக்க நம்முடையது என்று நம்பிவிடவும் வேண்டாம். விளம்பரக் கணக்கு ஒருநாள் காலையில் முடக்கப்பட்டிருக்கும், காரணம் ஒரு வரியில் பொதுவாக எழுதியிருக்கும், முறையீடு முடிய எத்தனை நாளாகும் என்று தெரியாது. நைட்டி, உள்ளாடை விற்பவர்களுக்குப் படம் நிராகரிக்கப்படுவது பழகிப்போன தொல்லை. விற்பனை முழுவதும் ஒரே விளம்பரக் கணக்கில் தொங்கும் கடைக்கு அந்த வாரம் சம்பளம் கொடுப்பதே சிரமம். அஃபிலியேட்டின் உண்மையான மதிப்பு இங்கேதான் என்பது என் எண்ணம். கமிஷன் குறைவு என்பதை விட, வாடிக்கையாளர் வர இன்னொரு வழி இருக்கிறது என்பது பெரிது.

பெயர் கெடும் ஆபத்து

விளம்பரத்தில் தவறு நடந்தால் நாம் எழுதிய வரியில் நடக்கும், திருத்திவிடலாம். அஃபிலியேட்டில் நாம் சொல்லாததை நம் பெயரில் வேறொருவர் சொல்வார். நம் பக்கத்தில் "முதல் துவையலைத் தனியாகத் துவைக்கவும்" என்று எழுதியிருப்போம். ரீல்ஸில் அவர் "சாயம் போகவே போகாது, நான் கேரண்டி" என்று சொல்லிவிடுவார். வெள்ளைச் சட்டையில் சாயம் ஏறியவர் ரீல்ஸ் போட்டவரைத் தேடிப் போக மாட்டார். அவருக்குத் தெரிந்தது கடையின் பெயர்தான்.

சட்டப்படியும் இது சின்ன விஷயம் இல்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பணத் தொடர்பு இருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது அதில் உண்டு, கமிஷனும் பணத் தொடர்புதான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். ஒவ்வொரு சின்னக் கடையையும் தேடி வரப் போவதில்லை என்றாலும், 'கமிஷன் கிடைக்கும் லிங்க்' என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது பெயர் மீதான ஏலம். அஃபிலியேட் ஒருவர் நம் கடைப் பெயரையே கூகுளில் சாவிச்சொல்லாக வைத்து விளம்பரம் போடுவார். நம்மைத் தேடியவர் அதை அழுத்தி வருவார், கமிஷன் அவருக்கு. பெயரைச் சாவிச்சொல்லாக வைப்பதைக் கூகுள் தடுப்பதில்லை. வணிகச் சின்னம் பதிவு செய்தவர் புகார் கொடுத்தால் விளம்பர வாசகத்தில் அந்தப் பெயர் வருவதை மட்டும் கட்டுப்படுத்தும். ஆகவே ஒப்பந்தத்தில்தான் தடுக்க வேண்டும், எழுத்துப்பிழையோடு வரும் பெயர்களையும் சேர்த்து. விவரமான ஆட்கள் திருப்பூரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஊர்களில் காட்டுவார்கள், இல்லையென்றால் இரவு பதினொன்றுக்கு மேல் காட்டுவார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து தேடினால் எதுவும் தென்படாது. மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் உறவினரை இரவில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவரின் ஆர்டர் திடீரென்று ஏறி, அதே வாரத்தில் நேரடியாகவும் சாதாரண தேடலிலும் வரும் ஆர்டர் அதே அளவு இறங்கினால், சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

இதைவிட மோசமானது, யாரும் அழுத்தாமலே பின்னணியில் குக்கீயை ஏற்றிவிடுவது. இபேயின் அஃபிலியேட்டுகளில் முதல் வரிசையில் இருந்த இருவர் இப்படிச் செய்ததற்காக 2014-ல் அமெரிக்காவில் சிறைத்தண்டனை பெற்றார்கள். நிறுவனத்துக்கு அதிக விற்பனை கொடுப்பவர்களாகவே அவர்கள் பல காலம் கணக்கில் இருந்தார்கள். கிளிக் ஆயிரக்கணக்கில், ஆர்டர் விரல்விட்டு எண்ணும் அளவு, லிங்க் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் மழுப்பல். இந்த மூன்றும் சேர்ந்தால் கமிஷனை நிறுத்தி வைத்துவிட்டு விசாரிக்கலாம்.

இந்தக் கடை என்ன செய்யலாம்?

இன்றைக்குத்தான் திறந்த கடை என்றால் முதலில் விளம்பரம், அதுவும் சின்னத் தொகையில். லாபத்துக்காக இல்லை. நூறு பேர் வந்தால் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற எண் தெரியாமல் எந்த நல்ல அஃபிலியேட்டிடமும் பேச முடியாது. "என் கடையில் கிளிக்குக்கு உங்களுக்கு இவ்வளவு கிடைக்கும்" என்று சொல்ல முடிந்தால்தான் அவர் காது கொடுப்பார். விளம்பரத்தில் எந்தப் படம், எந்த வரி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் அதையே யூடியூபரிடமும் கொடுக்கலாம். அதே நேரத்தில் முன்பணம் கட்டுபவர்களுக்கு 40, 50 ரூபாய் குறைத்து, திரும்பி வரும் பார்சலைக் குறைக்க வேண்டும். திரும்பும் 15 பார்சல் 7 ஆனால் விளம்பரத்தின் கணக்கே மாறிவிடும்.

ஆர்டர் ஓரளவு சீராக வரத் தொடங்கியதும் அஃபிலியேட். நெட்வொர்க் வேண்டாம், நாமே தேடிப் பிடித்த ஏழெட்டுப் பேர் போதும். ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு. குக்கீயை நம்பியிருக்கத் தேவையில்லாமல், எந்த ஆர்டர் யாருடையது என்று கோடே சொல்லிவிடும். அந்தக் கோடுகள் கூப்பன் தளத்துக்குக் கசியும். கசிந்த கோட்டை மாற்றுவதை மாத வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் கோடு கட்டத்தைக் கண்ணில் படாத ஒரு சின்ன லிங்குக்குள் ஒளித்துவிடலாம். கோடு வைத்திருப்பவர் தேடிக் கண்டுபிடிப்பார், இல்லாதவர் கூகுளுக்குப் போக மாட்டார். கூப்பன் தளங்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அவர்களுக்கு 2%, அதுவும் புதிய வாடிக்கையாளருக்கு மட்டும். துவைத்துக் காட்டுபவருக்கு 12 இல்லை, 15 கூடக் கொடுக்கலாம். எல்லோருக்கும் ஒரே விகிதம் வைப்பதுதான் இந்த முறையில் காசு ஒழுகும் இடம். கிளிக்குக்குப் பிறகு எத்தனை நாளுக்குள் வாங்கினால் கமிஷன் என்னும் குக்கீ காலமும் அப்படியே. அமேசானே பொதுவாக 24 மணி நேரம்தான் கொடுக்கிறது, சின்னக் கடை 30 நாள் கொடுத்துத் தாராளம் காட்ட அவசியம் இல்லை. வீடியோ பார்த்து யோசித்து வாங்குபவர்களுக்காக ஒரு வாரம் வைக்கலாம்.

லாபம் குறைந்த பொருளுக்கு, உதாரணமாக 300 ரூபாய் உள்பாவாடைக்கு, இரண்டும் வேண்டாம். 12% கமிஷன் 36 ரூபாய், அதற்காக யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள். விளம்பரமும் கட்டுப்படியாகாது. அதை நைட்டி வாங்கியவருக்கு அடுத்த ஆர்டரில் சேர்த்து விற்க வேண்டியதுதான்.

கடைசியாகப் பணம் கொடுக்கும் தேதி. டெலிவரி, ரிட்டர்ன் நாட்கள், மாத முடிவு என்று கூட்டினால் முதல் கமிஷன் போய்ச் சேர 45 நாளாகும். பெரிய கூப்பன் தளம் இதைத் தாங்கும், ஐயாயிரம் சந்தாதாரர் வைத்திருக்கும் ஒரு இல்லத்தரசி தாங்க மாட்டார். இரண்டாவது வீடியோவே வராது. அவருக்கு இரண்டு நைட்டியும், வீடியோவுக்கு 500 ரூபாயும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கமிஷனை 12-லிருந்து 8% ஆக்கிக்கொள்ளலாம். அந்த 500 ஒரு வகையில் விளம்பரச் செலவுதான், 83 கிளிக்கின் விலை. ஒரு வீடியோ அதைவிட அதிகம் பேரை அனுப்பாவிட்டால் அடுத்த மாதம் வேறு ஒருவரைப் பார்க்கலாம்.